பிளஸ், மைனஸ் மாறி மாறி: புது அரே எடுப்பதா, இருக்கும் இடத்திலேயே நகர்த்துவதா?

ஒரு அரேயில் பிளஸ் எண்களும் மைனஸ் எண்களும் கலந்து கிடக்கின்றன. அவற்றை ஒரு பிளஸ், ஒரு மைனஸ் என்று மாறி மாறி அடுக்க வேண்டும். பிளஸ் எண்கள் தமக்குள் எந்த வரிசையில் வந்தனவோ அதே வரிசையில் இருக்க வேண்டும். மைனஸ் எண்களும் அப்படியே. லீட்கோட் தளத்தில் 2149-ஆவது கணக்கு இதுதான். அங்கே பிளஸும் மைனஸும் சரிபாதி, பூஜ்யம் கிடையாது, முதலில் பிளஸ் வர வேண்டும், எண்ணிக்கை 2,00,000-ஐத் தாண்டாது என்றெல்லாம் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். நேர்முகத் தேர்வில் கேட்பவர் இவ்வளவு சொல்ல மாட்டார். பூஜ்யத்தை எதில் சேர்ப்பது, ஒரு பக்கம் மிஞ்சினால் மிச்சத்தை எங்கே வைப்பது, யார் முதலில் என்ற மூன்றையும் நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

இந்தக் கட்டுரைக்கு நான் எடுத்துக்கொள்ளும் விதி: பூஜ்யம் பிளஸோடு சேரும், முதலில் பிளஸ், மிஞ்சியவை கடைசியில். உதாரணமாக இந்த எட்டு எண்களை வைத்துக்கொள்வோம்.

```
[-6, -1, 3, 8, -4, 0, 5, 9]
```

பிளஸ் பக்கம் 3, 8, 0, 5, 9. மைனஸ் பக்கம் -6, -1, -4. வர வேண்டிய விடை:

```
[3, -6, 8, -1, 0, -4, 5, 9]
```

விதியை முடிவு செய்துவிட்டால் விடை ஒன்றே ஒன்றுதான். அதனால் வழிகளுக்கிடையே உள்ள வித்தியாசம் நேரத்திலும் மெமரியிலும் மட்டும்தான்.

## முதலில் ஒரு வழியைக் கழித்துவிடலாம்

பலருக்கும் முதலில் தோன்றுவது இடம் மாற்றும் வழி. இரட்டைப்படை இண்டெக்ஸ்களில் ஒரு விரல், ஒற்றைப்படை இண்டெக்ஸ்களில் ஒரு விரல். முதல் விரல் தப்பான இடத்தில் உட்கார்ந்திருக்கும் மைனஸைத் தேடும், இரண்டாவது தப்பான இடத்தில் இருக்கும் பிளஸைத் தேடும், இரண்டும் கிடைத்ததும் ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளும். ஒரே ஓட்டம், கூடுதல் மெமரியும் இல்லை. கேட்க அருமையாக இருக்கும்.

நம் உதாரணத்தில் ஓட்டிப் பாருங்கள். இண்டெக்ஸ் 0-ல் -6 இருக்கிறது, தப்பு. ஒற்றைப்படை இடங்களில் தப்பாக இருக்கும் முதல் பிளஸ், இண்டெக்ஸ் 3-ல் உள்ள 8. மாற்றுகிறோம். அடுத்து இண்டெக்ஸ் 4-ல் -4 தப்பு, இண்டெக்ஸ் 5-ல் 0 தப்பு. மாற்றுகிறோம். கிடைப்பது:

```
[8, -1, 3, -6, 0, -4, 5, 9]
```

குறிகளை மட்டும் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. ஆனால் 3-க்கு முன்னால் 8 வந்துவிட்டது, -6-க்கு முன்னால் -1 வந்துவிட்டது. வரிசை போயிற்று. கூட வேலை செய்யும் தம்பி ஒருவன் ஒருமுறை இப்படி எழுதிக் காட்டினான். அவனுடைய டெஸ்ட் எல்லாமே பாஸ். திறந்து பார்த்தால், டெஸ்ட் சோதித்தது குறி மாறி மாறி வருகிறதா என்பதை மட்டும். வரிசை தேவையில்லாத இடத்தில் இதைவிட நல்ல வழி கிடையாது. நம் கணக்கில் வரிசைதான் நிபந்தனையே. ஆகவே இது போட்டியிலேயே இல்லை.

## இரண்டு விரல் வைத்துப் படிப்பது

நான் முதலில் கைவைப்பது இதைத்தான். அரேயில் ஒன்றையும் நகர்த்துவதில்லை. `p` என்ற விரல் பிளஸ்களை மட்டும் தொட்டுக்கொண்டு போகிறது, `q` மைனஸ்களை மட்டும். இரண்டும் இடமிருந்து வலமாகவே போவதால் வரிசை குலைய வழியே இல்லை.

```python
def alternate(a):
    n = len(a)
    p = q = 0
    while True:
        while p < n and a[p] < 0:
            p += 1
        while q < n and a[q] >= 0:
            q += 1
        if p == n and q == n:
            return
        if p < n:
            yield a[p]
            p += 1
        if q < n:
            yield a[q]
            q += 1
```

ஒரு விரல் கடைசிக்குப் போய்விட்டால் மற்றொன்று தன் பங்கைத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டே போகும். மிஞ்சிய 5, 9 இரண்டுக்கும் தனி லூப் எழுத வேண்டியதில்லை. ஒவ்வொரு விரலும் அரேயை ஒருமுறைதான் கடக்கிறது, ஆக நேரம் O(n).

மெமரிதான் இங்கே கவனிக்க வேண்டியது. விடையை இன்னொரு அரேயில் சேர்த்து வைத்தால் O(n) கூடுதல். ஆனால் விடையைத் திரையில் காட்டவோ, கோப்பில் எழுதவோ, அடுத்த ஃபங்ஷனுக்கு ஒவ்வொன்றாகக் கொடுக்கவோ மட்டும்தான் போகிறோம் என்றால் கூடுதல் மெமரி `p`, `q` என்ற இரண்டு எண்கள்தான். "இந்த அரேயையே மாற்றித் தர வேண்டுமா, இல்லை மாறி மாறிப் படிக்கக் கிடைத்தால் போதுமா?" என்று ஒரு கேள்வி கேட்டாலே பாதி நேரம் பிரச்சினை கரைந்துவிடும். அதை யாரும் கேட்பதில்லை.

பிளஸ்களை ஒரு லிஸ்டிலும் மைனஸ்களை இன்னொரு லிஸ்டிலும் பிரித்து, அப்புறம் `a[::2] = pos`, `a[1::2] = neg` என்று பைத்தானில் இரண்டே வரியில் எழுதுபவர்கள் உண்டு. சரிபாதியாக இருக்கும்வரை அழகாக ஓடும். நம் உதாரணத்தில் `a[::2]`-க்கு நான்கு இடம், பிளஸ்கள் ஐந்து. உடனே `ValueError: attempt to assign sequence of size 5 to extended slice of size 4` என்று நின்றுவிடும். சத்தம் போட்டு நிற்பதால் இது நல்ல பிழை.

சத்தமில்லாத பிழை வேறொன்று. இரண்டு விரலால் படித்துக்கொண்டே அதே அரேயில் `a[0]`, `a[1]` என்று எழுதத் தொடங்குவது. முதல் எழுத்திலேயே `a[0] = 3` என்று -6-ஐ அழித்துவிடுவோம். `q` அதை இன்னும் படிக்கவில்லை. விடையின் நீளம் சரியாக இருக்கும், சில எண்கள் காணாமல் போய் வேறு சில இரண்டு முறை வந்திருக்கும்.

## இருக்கும் இடத்திலேயே நகர்த்துவது

இன்னொரு அரேக்கு இடமே இல்லை என்றால் இந்த வழி. இடமிருந்து பார்த்துக்கொண்டு போங்கள். `i` என்ற இடத்தில் தப்பான குறி இருந்தால், அதற்கு வலப்பக்கத்தில் சரியான குறியுள்ள முதல் எண்ணைத் தேடுங்கள். அதை எடுத்து `i`-ல் வைத்து, நடுவில் உள்ளவற்றை ஒவ்வோர் இடம் வலப்பக்கம் தள்ளுங்கள். பஸ் சீட்டில் ஓர் ஆளுக்கு இடம் கொடுக்க எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக நகர்ந்து உட்காருவது போல.

```python
def in_place(a):
    n = len(a)
    for i in range(n):
        want = (i % 2 == 0)
        j = i
        while j < n and (a[j] >= 0) != want:
            j += 1
        if j == n:
            return
        x = a[j]
        while j > i:
            a[j] = a[j - 1]
            j -= 1
        a[i] = x
```

நம் எட்டு எண்களில்: `i = 0`-ல் பிளஸ் வேண்டும், 3 கிடைக்கிறது, -6, -1 இரண்டும் நகர்கின்றன. `i = 2`-ல் 8 வருகிறது, -1 நகர்கிறது. `i = 4`-ல் 0 வருகிறது, -4 நகர்கிறது. `i = 7`-ல் மைனஸ் வேண்டும், ஒன்றும் மிச்சமில்லை, முடிந்தது. மொத்தம் நான்கே நகர்வுகள்.

வரிசை ஏன் கெடுவதில்லை? முன்னால் இழுக்கப்படும் எண், தாண்டிப் போவதெல்லாம் எதிர்க்குறி உள்ளவற்றைத்தான். தன் குறியுள்ள ஒன்றைக்கூட அது தாண்டுவதில்லை. ஏனென்றால் `i`-க்கு வலப்பக்கம் அந்தக் குறியில் முதலாவதே அதுதான். இந்த ஒரு காரணத்தைச் சொல்லத் தெரிந்தால் நேர்முகத்தில் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

இதை O(n²) என்று சொல்லி எல்லோரும் ஒதுக்கிவிடுகிறார்கள். கொஞ்சம் நின்று எண்ணிப் பார்க்கலாம். பிளஸும் மைனஸும் சரிபாதி என்றால் மிக மோசமான நிலை, எல்லா மைனஸும் முன்னால், எல்லா பிளஸும் பின்னால் இருப்பது. ஒவ்வொரு பக்கமும் m என்றால் நகர்வுகள் m + (m-1) + ... + 1 என்று கூடி m(m+1)/2 ஆகும். 2,00,000 எண்களுக்கு m = 1,00,000, ஆகவே கிட்டத்தட்ட 500 கோடி நகர்வுகள். பைத்தான் லூப்பில் இது நடக்கிற காரியமில்லை. சி++ போன்ற மொழியில் மொத்தமாக நகர்த்தும் `memmove` துணையோடு சில விநாடிகளில் முடியலாம், ஆனாலும் வீண் வேலை.

அதே 2,00,000 எண்களின் குறிகள் கலைத்துப் போட்ட சீட்டுக்கட்டு போலச் சிதறிக் கிடந்தால் கணக்கே வேறு. ஒவ்வோர் இடம் வரைக்கும் பிளஸ் எத்தனை, மைனஸ் எத்தனை என்று எண்ணி, வித்தியாசத்தை மட்டும் குறித்துக்கொண்டு போங்கள். அந்த வித்தியாசங்களின் கூட்டுத்தொகையில் ஏறக்குறைய பாதிதான் மொத்த நகர்வு. சீரற்றுக் கலந்த குறிகளில் இந்த வித்தியாசம் n அளவுக்கு வளர்வதில்லை, √n அளவில்தான் மேலும் கீழும் ஆடும். 2,00,000-க்கு √n சுமார் 447. கணக்கிட்டால் மொத்த நகர்வு சராசரியாக ஒன்றரைக் கோடியை ஒட்டி வருகிறது. 500 கோடி எங்கே, ஒன்றரைக் கோடி எங்கே! உங்கள் தரவு எப்படி வருகிறது என்று தெரிந்தால், `O(n²)` என்ற எழுத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டுமா என்பதும் தெரிந்துவிடும்.

## மெமரி குறைவு என்றால் எவ்வளவு குறைவு?

"கூடுதல் மெமரி கூடாது" என்ற நிபந்தனை உண்மையில் எங்கே வரும்? ஒரு லேப்டாப்பில் 2,00,000 எண்கள், ஒவ்வொன்றும் 4 பைட் என்றால் 8 லட்சம் பைட். இன்னொரு நகல் எடுத்தாலும் ஒரு எம்.பி.கூட ஆகாது. உங்கள் பிரவுசர் ஒரு டேபுக்கு எடுப்பதில் இது தூசு.

உண்மையான நெருக்கடி அர்டுயினோ யூனோ மாதிரிச் சின்னப் பலகைகளில்தான். அதில் உள்ள ஏடிமெகா328பி சிப்பின் ரேம் மொத்தம் 2,048 பைட். ஓர் எண்ணுக்கு 2 பைட் வீதம் 600 அளவீடுகளை வைத்திருந்தால் 1,200 பைட் போய்விட்டது. இன்னொரு 1,200-க்கு இடமில்லை. இங்கே நகர்த்தும் வழிதான். எண்ணிப் பாருங்கள்: m = 300, மோசமான நிலையில் 45,150 நகர்வுகள். தேடுவதையும் சேர்த்து ஒரு நகர்வுக்குத் தாராளமாக 30 சைக்கிள் வைத்தாலும் சுமார் 13.5 லட்சம் சைக்கிள். அந்தப் பலகை 16 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. விநாடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

இந்த ஒப்பீட்டில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். மெமரி உண்மையாகவே குறைவாக உள்ள இடத்தில் n-ம் சின்னதாகத்தான் இருக்கும், ஏனென்றால் பெரிய n அங்கே நுழையவே முடியாது. சின்ன n-க்கு n² ஒரு பாரமே இல்லை. n பெரிதாக இருக்கும் இடத்திலோ இன்னொரு அரேக்கு இடம் இருக்கும். ஆக, பார்ப்பதற்கு எளிமையான இரண்டு வழிகளே பெரும்பாலான களத்தையும் பங்கு போட்டுக்கொள்கின்றன.

## நடுவில் நிற்கும் கெட்டிக்கார வழிகள்

ரேமில் பாதிக்கு மேல் அடைத்துக்கொண்டிருக்கும் பெரிய அரே, அதையே மாற்ற வேண்டும் என்பது அபூர்வமான நிலை. அதற்குப் பிரித்துச் சேர்க்கும் வழி இருக்கிறது. இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் வரிசை கெடாமல் பிளஸ்களை எல்லாம் முன்னால் கொண்டுவருவது. அரேயை நடுவில் வெட்டி, இரு பாதியையும் தனித்தனியே ஒழுங்கு செய்துகொள்கிறோம். நம் உதாரணத்தில் இடப்பாதி `3, 8, -6, -1` என்றும் வலப்பாதி `0, 5, 9, -4` என்றும் ஆகும். இப்போது நடுவில் இருக்கும் `-6, -1` என்ற துண்டும் `0, 5, 9` என்ற துண்டும் இடம் மாறினால் போதும்: `3, 8, 0, 5, 9, -6, -1, -4`.

பக்கத்துப் பக்கத்துத் துண்டுகள் இரண்டை கூடுதல் இடமில்லாமல் மாற்ற ஒரு பழைய வித்தை உண்டு. முதல் துண்டைத் தலைகீழாக்கு, இரண்டாவது துண்டைத் தலைகீழாக்கு, பிறகு இரண்டையும் சேர்த்துத் தலைகீழாக்கு. `-1, -6, 9, 5, 0` என்று ஆகி, கடைசியில் `0, 5, 9, -6, -1` ஆகிவிடும்.

இரண்டாம் கட்டம் கோர்ப்பது. மிஞ்சப்போகும் `5, 9`-ஐ இதே வித்தையால் கடைசிக்கு அனுப்பிவிட்டால் `3, 8, 0` என்றும் `-6, -1, -4` என்றும் சம அளவில் இரண்டு துண்டுகள் நிற்கும். முதல் துண்டின் பின்பகுதியான `8, 0`-ஐயும் இரண்டாவதின் முன்பகுதியான `-6`-ஐயும் இடம் மாற்றினால் `3, -6` தன் இடத்துக்கு வந்துவிடும், `8, 0, -1, -4` என்று சின்னக் கணக்கு ஒன்று மிஞ்சும். அதையும் இப்படியே. இரண்டு கட்டமும் O(n log n). 2,00,000 எண்களுக்குச் சுமார் 18 அடுக்கு வரும், அடுக்குக்கு அதிகபட்சம் சில லட்சம் நகர்வு. மோசமான தரவிலும் நேரம் எகிறாது. ரிக்கர்ஷன் 18 அடுக்குதான் என்பதால் ஸ்டாக்கும் நிரம்பாது.

சி++ காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. முதல் கட்டத்துக்கு `std::stable_partition` தயாராகவே இருக்கிறது. ஆனால் அது கூடுதல் மெமரி கிடைத்தால் எடுத்துக்கொண்டு O(n)-ல் முடிக்கும், கிடைக்காவிட்டால்தான் O(n log n)-க்கு இறங்கும். "கூடுதல் மெமரி எடுக்கவில்லை" என்று நீங்கள் மார்தட்டும்போது அது பின்னால் சத்தமில்லாமல் எடுத்திருக்கலாம்.

O(n) நேரம், O(1) மெமரி இரண்டும் சேர்ந்து கிடைக்குமா என்று நேர்முகத்தில் சீண்டுவார்கள். கிடைக்கும். வரிசை கெடாமல் பிரிப்பதை நேர்கோட்டு நேரத்தில், மாறாத அளவு மெமரியில் செய்யும் முறையை 1992-ல் கட்டயாய்னென், பாசனென் இருவரும் கொடுத்தார்கள். அது எளிதான முறை அல்ல. கோர்க்கும் கட்டத்துக்கு 2008-ல் பியூஷ் ஜெயின் எழுதிய சின்னக் கட்டுரை ரசிக்கத்தக்கது. இடங்களை 1-லிருந்து எண்ணினால், `i`-ல் உள்ளது `2i mod (2m+1)` என்ற இடத்துக்குப் போக வேண்டும். எட்டு இடங்களுக்கு 1 → 2 → 4 → 8 → 7 → 5 → 1 என்று ஒரு வட்டம், 3 → 6 → 3 என்று இன்னொரு வட்டம். மொத்த நீளம் 3-இன் அடுக்கைவிட ஒன்று குறைவாக இருந்தால் (8 = 9 - 1) வட்டங்கள் 1, 3, 9, 27 என்ற இடங்களில்தான் தொடங்கும் என்பது அவர் பயன்படுத்திய உண்மை. எங்கே தொடங்குவது என்று தெரிந்துவிட்டதால், எதை நகர்த்தினோம் என்று குறித்துவைக்க இடம் தேவையில்லை. நீளம் அப்படி அமையாவிட்டால், அமையும் பெரிய பகுதியை முதலில் வெட்டி எடுத்துக்கொள்ள வேண்டும். 2,00,000-க்கு அது 1,77,146.

இதில் கால் இடறும் இடம்: முதல் இடத்தில் இருந்தது இரண்டாவது இடத்துக்குப் போகிறது. அதாவது பின்பாதிதான் முதலில் வரும். பிளஸ் முதலில் வேண்டுமென்றால் பிரிக்கும்போது மைனஸ்களை முன்னால் வைக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் எழுதி, விடை ஓரிடம் தள்ளி வருகிறதே என்று அரை நாள் விழித்திருக்கிறேன். தவிர, வட்டத்தைப் பின்தொடரும்போது மெமரியில் அங்கும் இங்கும் தாவ வேண்டியிருப்பதால் பெரிய அரேக்களில் கேஷ் கைகொடுக்காது. வேலைக்கு இதை நான் எழுத மாட்டேன். தெரியும் என்று சொல்லிக்கொள்ள மட்டும் வைத்திருக்கிறேன்.

ரேமுக்கே அடங்காத கோப்பு என்றால் நான் திரும்பவும் இரண்டு விரலுக்குத்தான் போவேன். கோப்பை இரண்டு முறை திறந்து, ஒன்று பிளஸ்களையும் மற்றொன்று மைனஸ்களையும் படித்துக்கொண்டே போக, விடையைப் புதுக் கோப்பில் எழுதிவிடலாம். படிப்பது இரண்டுமே நேர்கோட்டில் நடப்பதால் டிஸ்க்கும் அலையாது.

## எதைத் தேர்ந்தாலும் சோதிக்க

தம்பியின் டெஸ்டில் இல்லாமல் போனது இந்த மூன்று வரிதான். `a` பழையது, `b` புதியது.

```python
def same_order(a, b):
    return ([x for x in a if x >= 0] == [x for x in b if x >= 0]
        and [x for x in a if x < 0] == [x for x in b if x < 0])
```

குறி மாறுகிறதா என்ற சோதனையோடு இதையும் சேர்த்தால், இடம் மாற்றும் வழி முதல் தரவிலேயே மாட்டிக்கொள்ளும். ஆனால் டெஸ்ட் தரவை `[1, 1, 1, -1, -1]` என்று போட்டுவிடாதீர்கள். ஒரே மதிப்பு திரும்பத் திரும்ப வந்தால் எந்த 1 முன்னால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, தப்பான நிரலும் பாஸ் ஆகிவிடும். எல்லா எண்களும் வேறு வேறாக இருக்கட்டும். கூடவே ஒரு பூஜ்யம், மைனஸ் மட்டுமே உள்ள ஓர் அரே, காலி அரே, பிளஸைவிட மைனஸ் ஒன்று மட்டும் அதிகமாக உள்ள ஓர் அரே ஆகியவையும் வேண்டும். கடைசியில் சொன்னதில் மைனஸை முதலில் வைத்தால் முழுவதும் மாறி மாறி வந்துவிடும், பிளஸை முதலில் வைத்தால் கடைசியில் இரண்டு மைனஸ் சேர்ந்து நிற்கும். கேட்டவர் எதை எதிர்பார்த்தார் என்பது அப்போதுதான் வெளியே வரும்.